இரங்கலின் உஷ்ணம்

பக்கத்து மேஜைக்காரரின் தகப்பனார் காலமானார் என்ற செய்தி வந்த மறு நிமிஷமே, பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு மறு கையால் நான் தட்டிய வாசகம், "தங்கள் தந்தையாரின் மறைவு குறித்து ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்பது. படித்துப் பார்த்தபோது, அடியில் ஒரு முத்திரை மாத்திரம் குறைவதாகத் தோன்றியது.

உஷ்ணத்தைக் கூட்டினேன். "என் தகப்பனாரையே இழந்தாற்போல் துடிக்கிறேன்" என்று எழுதினேன். எழுதும்போதே, ஊரில் சௌக்கியமாக வெற்றிலை மென்றுகொண்டிருக்கும் என் தகப்பனார் நினைவுக்கு வந்து, வாக்கியத்தை அழிக்கச் செய்தார். அடுத்து "தைரியமாக இருங்கள்" என்ற உபதேசம். வயதைக் கேட்கும் கேள்வி, எண்பது என்றால் துக்கம் பாதியாகிவிடும் என்பதுபோல. கடைசியில், வெட்கத்துடன் சொல்கிறேன், அவர் பூட்டிச் சென்ற அலமாரியின் சாவியைப் பற்றிய ஒரு விசாரணையும் எட்டிப் பார்த்தது. எல்லாம் போயின.

மிஞ்சியது ஒரே ஞாபகந்தான்: அந்தப் பெரியவர் ஒருமுறை எங்கள் ஆபீஸுக்கு வந்தபோது, மகனுக்குக் கொண்டுவந்த முறுக்கில் எனக்கும் ஒரு பங்கு வைத்தார். ஆகவே, "அப்பா எனக்கும் முறுக்குக் கொடுத்தது நினைவிருக்கிறது. மிகவும் வருத்தமாயிருக்கிறது. மாசக் கணக்கை நான் முடித்துவிடுகிறேன், இதற்குப் பதில் எழுத வேண்டாம்" என்று அனுப்பினேன்.

பதில் வரவில்லை. மாசக் கணக்கு என் மேஜையில் இருக்கிறது.