நான்கு எழுத்தில் ஓர் ஊர்ப்பெயர்

ஒரு ரயில் பெட்டியில் எழுதப் படிக்கத் தெரிந்த தமிழர் ஒருவர் இருந்தாலே பெரிது என்றிருந்த காலத்தில், மலாயாவின் ரயில் நிலையங்களில் ஊர்ப்பெயரைத் தமிழிலும் எழுதி வைத்திருந்தார்கள். ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என்று நான்கு எழுத்து. பிறகு நாங்கள் தமிழ்ப்பள்ளிக்குப் போனோம், பட்டம் வாங்கினோம், பட்டிமன்றம் நடத்தினோம். படிக்க ஆள் தயாரானபோது பலகையில் தமிழைக் காணோம். வெள்ளைக்காரன் கணக்கும் விளங்கவில்லை, பிறகு வந்தவர்கள் கணக்கும் விளங்கவில்லை.

ஊரிலிருந்து பெரியப்பா வந்தபோதுதான் இதெல்லாம் என் தலைக்குள் ஏறியது. அவர் பிறந்தது பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். இளவயதில் கிள்ளான் பாதையில் கட்டை மாற்றி, ஜல்லி தள்ளி, தண்டவாளம் நிமிர்த்தியவர். 1969 கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றார்கள். அவரிடம் குடியுரிமையும் இல்லை, பெர்மிட்டும் கிடைக்கவில்லை. ‘ரஜூலா’ கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கினார். இந்த மண்ணில் ரயிலுக்கு வழி போட்டவர், முதுமையில் சுற்றுலா விசாவில் வந்து, "எத்தனை நாள் தங்குவீர்கள்?" என்ற கேள்விக்குக் கைகட்டிப் பதில் சொன்னார்.

மஸ்ஜித் இந்தியாவில் அவருக்கு வழிகாட்டியே தேவைப்படவில்லை. தமிழ் முஸ்லிம்கள் 1863-ல் எழுப்பிய பள்ளிவாசல் பெரிய கட்டடமாகியிருந்தாலும் அதே இடத்தில் நிற்கிறது. பூக்கட்டுகிறவர்கள், சேலைக்கடைகள், நாசி கண்டார் மணம் எல்லாம் அவரை மாப்பிள்ளை மாதிரி வரவேற்றன. மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் எல்.ஆர்.டி. ஏறியதும் வந்தது வினை. "இது எந்த ஊருடா?" என்றார். பலகையைக் காட்டினேன். ஆறாம் வகுப்புவரை தமிழ் மட்டும் படித்த அவருக்கு ரூமி எழுத்து ஓடாது. மலாய் மட்டும் சரளமாகப் பேசுவார்.

கே.எல். சென்ட்ரலில் அவர் முழுசாகவே தொலைந்துபோனார். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே யார்டு இருந்த நிலத்தில்தான் 2001-ல் அந்த நிலையத்தைத் திறந்தார்கள். "பெரியப்பா, நீங்க வேலை பார்த்த யார்டு இதுதான்" என்றேன். மேலே பார்த்தார், குளிர்சாதனக் குழாய். கீழே பார்த்தார், பளிங்குத் தரை. "தண்டவாளத்த எங்கடா ஒளிச்சு வச்சிருக்கானுங்க?" என்றார். அது தரைக்குக் கீழே இருந்தது. போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னார். 1972-லேயே அது போர்ட் கிள்ளான் ஆகிவிட்டது என்றேன். "அப்ப தெலுக் ஆன்சன்?" என்றார். அதுவும் 1982-லிருந்து தெலுக் இந்தான். அவர் மனப்பாடமாக வைத்திருந்த ரயில் வரைபடத்தில் பாதி ஊர்களுக்குப் பெயர் செல்லாது.

"தமிழ்ல எழுதின போர்டு ஒண்ணாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்து ஒன்று இருந்தது. பேராக்கில், கோலா செப்பெத்தாங்கில். இ.டி.எஸ். ரயிலில் தைப்பிங் போய், அங்கிருந்து டாக்சி பிடித்தோம்.

இந்தத் தீபகற்பத்தில் ரயில் ஓடத் தொடங்கியதே அந்தத் தடத்தில்தான். லாருட் சுரங்கத்து ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோகத் தைப்பிங்கிலிருந்து கோலா செப்பெத்தாங் துறைமுகம்வரை சுமார் 13 கிலோமீட்டர் பாதை போட்டார்கள். 1885 ஜூன் 1-ம் தேதி திறப்பு. அதைப் போட இலங்கையிலிருந்து பயனியர் படை என்ற கூலிப்படையை வரவழைத்திருந்தார்கள். துறைமுகத்துக்கு கவர்னர் ஃப்ரெடரிக் வெல்டின் பெயரைச் சூட்டினார்கள். இன்று ரயில் இல்லை, தண்டவாளம் இல்லை. டிக்கெட் கொடுத்த இடத்தில் காப்பி கொடுக்கிறார்கள். ஊர்ப்பெயரும் மாறிவிட்டது. நிலையப் பலகை மட்டும், ‘வண்டி கொஞ்சம் லேட்’ என்பதுபோல் நின்றுகொண்டிருக்கிறது.

நாங்கள் போனபோது வெயிலிலும் உப்புக்காற்றிலும் அது வெளுத்திருந்தது. பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தமிழ் வரிக்கு நேராக நின்றார்.

"போ..." என்றார். கொம்பும் காலும் தடித்த கோடுகள், அதனால் தப்பித்திருந்தன. அடுத்த எழுத்தில் நின்றுவிட்டார். கிழவர்கள் கண்ணுக்குக் காலும் ரகரமும் எப்போதுமே அண்ணன் தம்பிதான். பிறகு ஒரு டகரம். "போரட... போராடவா?" என்று என்னைப் பார்த்தார். தொழிற்சங்கத்துக்காரர், புத்தி அப்படித்தான் போகும்.

வெளுத்த பலகையில் முதலில் சாவது புள்ளிதான். தூரிகை நுனியால் ஒரு தொட்டுவைப்பு, அவ்வளவுதான் அதன் ஆயுள். புள்ளி போனால் மெய்யெல்லாம் உயிர்மெய்யாகிவிடும், ஊர்ப்பெயர் உளறலாகிவிடும். எனக்குத் தமிழ் தெரியும் என்ற மிதப்பில் நேராக நின்று உற்றுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. பெரியப்பா பக்கவாட்டில் நாலடி நகர்ந்து, கன்னத்தைப் பலகைக்கு ஒட்டினாற்போல் வைத்துச் சாய்த்துப் பார்த்தார். தண்டவாளம் வளைந்திருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். பெயிண்ட் உதிர்ந்தாலும் அது இருந்த இடத்தில் மேடு இருக்கும். சாய்ந்த வெயிலில் மேட்டுக்கு நிழல் விழும். "இங்க ஒரு புள்ளி, இந்தா இங்க ஒண்ணு" என்று காற்றில் விரலால் குத்தினார். புள்ளிகள் வந்ததும் பெயர் தானாகக் கூடிவந்தது. "போர்ட்... வெல்ட்."

காப்பிக்கடைச் சீனர் ஒருவர், சீனமும் ஜாவியும் தெரியாமல் அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "போலே பாச்சா?" என்று கேட்டார். படிக்க வருமா என்கிறார். இல்லை என்றேன். சீன வரியை அவர் வாசித்தார். பக்கத்து மேசையில் மீ சாப்பிட்டுக்கொண்டிருந்த மலாய்ப் பெரியவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே வலமிருந்து இடமாக ஜாவியை ஓட்டினார். ஆங்கிலம் என் பங்கு. நான்கு பேரும் வாசித்து முடித்தபோது தெரிந்தது, நால்வரும் சிரமப்பட்டுச் சொன்னது ஒரு வெள்ளைக்கார கவர்னரின் பெயர். அந்த ஊரில் அவர் நினைவாக மிஞ்சியது அந்தப் பலகைதான், அதைப் படித்துச் சொல்ல இன்னும் மூன்று இனத்து ஆள் வேண்டியிருக்கிறது.

"அந்தக் காலத்துல எல்லாருக்கும் படிக்கவா தெரியும்?" என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "ஒருத்தனுக்குத் தெரிஞ்சா போதும்டா. அவன் சன்னல்ல எட்டிப் பாத்து, ‘இன்ன ஊரு’ன்னு கத்துவான். பெட்டி மொத்தமும் மூட்டையத் தூக்கும்" என்றார். இப்போது பெட்டி மொத்தமும் படித்தவர்கள். எல்லார் காதிலும் ஒரு வயர். ரூமி தெரியாத கிழவர் ஒருவர் நிலையம் தப்பி உட்கார்ந்திருந்தால் கத்திச் சொல்ல ஆளில்லை.

1967-ல் மலாய் ஒரே ஆட்சிமொழியானதில் எனக்குப் புகார் இல்லை. நாட்டுக்கு ஒரு மொழி வேண்டும், அதை எங்கள் பிள்ளைகள் எங்களைவிட நன்றாகவே பேசுகிறார்கள். தமிழ்ப் பலகை வேண்டும் என்று மேடையில் முழங்கிவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியை ஆங்கிலத்தில் கைப்பேசியிடம் கேட்கிற நம்மைப் பற்றித்தான் புகார்.

கோலா செப்பெத்தாங்குக்கு மீன் சாப்பிடவும் படகு ஏறவும் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பலகைமுன் நின்று படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே தமிழ் வரியை ஒருமுறை எழுத்துக் கூட்டி வாசியுங்கள். இப்படிப்பட்ட பலகைக்கு மறுபடி பெயிண்ட் அடிக்கிறவர் தமிழ் அறியாதவராக இருந்தால், எழுத்தை எழுத்தாகப் பார்க்கமாட்டார், படமாகப் பார்த்து வரைவார். புள்ளி அழுக்காகத் தெரியும், துடைத்துவிடுவார். புள்ளி குறைந்திருந்தால் காப்பிக்கடையில் சொல்லிவிட்டு வாருங்கள்.