சிரித்தபடி வரும் சதவீதம்

கேள்வி: சிதம்பரத்தில் ஒரு கடன் நோட்டீஸ், ‘12% ஃப்ளாட் வட்டி’ என்கிறது. கடலூரில் ஒரு டெபாசிட் நோட்டீஸ், ‘5 ஆண்டுக்கு 8.3% ஈட்டம்’ என்கிறது. இரண்டையும் நம்பலாமா? (வாசகர், கடலூர்)

பதில்: கடன் சதவீதம் ஒல்லியாகக் காட்டப்படும்; டெபாசிட் சதவீதம் குண்டாகக் காட்டப்படும்!

ஒரு லட்சம் கடன், ஓராண்டு, பரிசீலனைக் கட்டணம் 2,000 ரூபாய் என்று வையுங்கள். கைக்கு வருவது 98,000. மாதத் தவணை 9,333. அசல் மாதாமாதம் கரைகிறது. வட்டி மட்டும் கடைசிவரை முழு லட்சத்துக்கு! கட்டணத்தையும் சேர்த்தால் உண்மையான ஆண்டு விகிதம், அதாவது ஏ.பி.ஆர்., சுமார் 25%.

டெபாசிட்டில் 7% வட்டியைக் காலாண்டுக்கொருமுறை அசலோடு சேர்த்தால், ஆண்டு ஈட்டம் 7.19% தான். 5 ஆண்டின் மொத்த வட்டி 41.5 சதவீதத்தை ஐந்தால் வகுத்தால் 8.3 வந்துவிடும். அது கூட்டு வட்டிக்குப் போட்ட தனி வட்டி வேஷம்.

2024 அக்டோபர் 1 முதல், சில்லறைக் கடன்களுக்கு ஏ.பி.ஆர். அடங்கிய முக்கிய விவரத் தாளை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதமின்றி வசூலிக்க முடியாது. அதைப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.