ஒரு சின்ன மாற்றம்

போன வெள்ளிக்கிழமை இறுதி வருடப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு, 'பட்டம் வாங்க முன்னமே ஃப்ரீலான்ஸ் தொழில்'. எந்தக் கல்லூரி என்று கேளாதீர்கள். நான் இன்னும் ஏ9 வீதியால் போய்வர வேண்டும். முதல் நாள் இரவு ஒழுங்கமைப்பாளர் தம்பி போன் எடுத்தான்.

"அண்ணை, உங்கட பேச்சுக்கு ஒரு பானர் வேணும். சும்மா ஒண்டு செய்து தாங்கோவன்."

உழைத்த காசை எப்படி வாங்குவது என்று பேசப் போகிறவனிடம், சும்மா! செய்து கொடுத்தேன். கோபம் என்மேல்தான்.

பத்து மணிக்கு, "அண்ணை, ஒரு சின்ன மாற்றம்." தலைவரின் படம் பெரிதாக வேணும். பத்தரைக்கு, உபதலைவர் கோபிப்பாராம். அவருக்கும் அதே அளவு. பதினொன்றுக்குக் குத்துவிளக்கு. பிறகு அதில் ஐந்து திரியும் எரிய வேணும், மூன்றுதான் எரியுதாம். பிறகு நீலம் சரியில்லை, "வேற ஒரு நீலம்". நடுச்சாமத்தில் இடம் காணாதென்று என் பெயரை எடுக்கச் சொன்னான். ஒரு மணிக்கு, "முதல் செய்ததுதான் வடிவு அண்ணை." அதற்குமேலேயே சேமித்துத் தொலைத்திருந்தேன்.

அந்த எரிச்சலோடு மேடையேறியதால், தொழிலை எப்படித் தொடங்குவது என்ற பேச்சு திருத்தக் கணக்கோடு நின்றுவிட்டது. ஃபைவரில் என் முதல் ஓடர் ஐந்து டொலர் லோகோ. ஆள் பிடிக்கும் ஆசையில் 'எத்தனை தரமும் திருத்தித் தரப்படும்' என்று போட்டிருந்தேன். வரைய இரண்டு மணித்தியாலம். பிறகு ஒன்பது திருத்தம், ஒவ்வொன்றும் அரை மணி. ஃபைவர் 20 வீதம் எடுக்க, ஆறரை மணித்தியாலத்துக்குக் கையில் நாலு டொலர். ஒவ்வொரு முறை திருத்தி அனுப்பும்போதும், வாடிக்கையாளர் பேசாமல் இருந்தால் ஓடர் தானாக முடியும் அந்த மூன்று நாள் புதிதாகத் தொடங்கும். அது முடிந்து 14 நாள் காசு உள்ளே கிடக்கும். பேபால் அப்போது இலங்கையில் காசு வாங்கவிடவில்லை. பேயோனியரால்தான் சுற்றி வரவேண்டியிருந்தது.

"இரண்டு திருத்தம், நிறமும் எழுத்தும் மட்டும். யோசனை மாறினால் புது ஓடர். இதை முன்கூட்டியே எழுதுங்கோ," என்றேன். "ஊர் வேலைக்குப் பாதிக் காசு வராமல் லப்டொப்பைத் திறவாதேங்கோ. மாதிரியைச் சின்னதாக, குறுக்கே உங்கட பெயர் போட்டு அனுப்புங்கோ. மிச்சம் வந்தாப்பிறகு மூலக் கோப்பு." மாமாவின் கடைப் பலகைக்கு இதைச் சொல்ல எனக்கே இன்னும் வாய் வரவில்லை.

பின்வரிசைப் பிள்ளை ஒன்று எழும்பி, "அண்ணை, முதல் ஓடரை எப்பிடி எடுக்கிறது?" என்று கேட்டது. நல்ல கேள்வி. வாயைத் திறக்க, நேரம் முடிந்தது என்று துண்டு வந்தது. தம்பியின் நன்றியுரை பன்னிரண்டு நிமிடம்.

திரும்பும் வழியில் முறிகண்டியில் பஸ் நிற்க, இறங்கிக் கும்பிட்டுக் கச்சான் வாங்கினேன். போன் அடித்தது.

"அண்ணை, பேப்பருக்குப் படம் அனுப்பவேணும். பானரில திகதி மட்டும் பிழை."

லப்டொப் மடியில்தான் இருந்தது.