பார் என்றேன், பார்த்துவிட்டார்கள்

சந்தம் எனக்குக் கைவந்த கலை என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான்தான். கல்யாண வாழ்த்துமடல், கும்பாபிஷேகப் பாமாலை, கட்சி பேதமில்லாமல் தேர்தல் பாட்டு என்று எதைக் கேட்டாலும் எதுகை மோனையோடு மாலைக்குள் எழுதிக் கொடுத்துவிடுவேன். அந்தத் தைரியத்தில்தான், காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றிலிருந்து ஆண்டு விழாவுக்குக் கவிதை கேட்டபோது யோசிக்காமல் தலையாட்டினேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மேடையில் செய்யப் போகிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு சைகை, ஒவ்வொரு சைகைக்கும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு தாளம். இவ்வளவுதான் கேட்டார்கள்.

மழையைப் பற்றி எழுதினேன்:

கருமேகம் வானில் கூடுது பார்
கடகடவென்று இடி பாடுது பார்
சிறுதூறல் மண்ணைத் தேடுது பார்
சிறகை விரித்து மயில் ஆடுது பார்

கூடுது, பாடுது, தேடுது, ஆடுது. தொடையில் தட்டி நானே பாடி, நானே ரசித்து, நானே தலையசைத்துக்கொண்டேன்.

பிள்ளைகளைப் பழக்குகிறவர் அந்தப் பள்ளியின் ஓவிய ஆசிரியர். அவருக்கும் காது கேளாது. சைகையிலேயே வளர்ந்தவர். நான் எழுதியதைப் படித்தார், மறுபேச்சில்லாமல் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சைகையாக அப்படியே செய்ய வைத்தார். என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

முதலில் கவிழ்ந்தது 'பார்'. அந்தப் பிள்ளைகள் 'பார்' என்பதற்கு இரண்டு விரல்களைக் கண்ணருகே வைத்து முன்னால் நீட்டுகிறார்கள். விரல் எங்கே நீள்கிறதோ அங்கே பார் என்று பொருள். சைகை மொழியில் பார், கொடு, சொல் போன்ற வினைகளுக்குத் திசை உண்டு. யார் யாரைப் பார்க்கிறார், எதைப் பார்க்கிறார் என்பதைக் கை போகும் வழியே சொல்லிவிடும். என் கவிதையில் நான்கு 'பார்' இருந்தன, ஒன்றுக்கும் திசை இல்லை. ஓசை நிரம்பட்டும் என்று போட்ட அசைச்சொல் அது. ஒரு பையன் மின்விசிறியைக் காட்டினான். எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். இன்னொருத்தி சன்னலைக் காட்டினாள். எல்லோரும் சன்னலைப் பார்த்தார்கள். கடைசி 'பாரு'க்கு எல்லா விரல்களும் என்னை நோக்கி நீண்டன. நானும் குனிந்து என் சட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

அடுத்து எதுகை. கூடுவதும் பாடுவதும் தேடுவதும் ஆடுவதும் அவர்கள் கையில் நான்கு வெவ்வேறு உருவங்கள், நான்கு வெவ்வேறு இடங்கள். ஒன்றுக்கொன்று தாயாதி உறவுகூட இல்லை. ஆசிரியர் தன் நோட்டில் எழுதிக் காட்டினார்: "சார், இதில் கவிதை எங்கே இருக்கிறது?"

அவமானம் தாங்காமல் வீட்டுக்குப் போய்ப் படித்தேன். வில்லியம் ஸ்டோக்கி என்ற அமெரிக்க மொழியியலாளர் 1960-ல் ஒன்றை நிறுவினார். சைகை என்பது வெறும் ஊமைச்சாடை இல்லை. கையின் வடிவம், அது நிற்கும் இடம், அது நகரும் விதம் என்ற உறுப்புகள் சேர்ந்துதான் ஒரு சொல் ஆகிறது என்றார். பின்னால் வந்தவர்கள் உள்ளங்கை பார்க்கும் திசையையும் முகபாவத்தையும் சேர்த்தார்கள். காது கேளாத கவிஞரான கிளேட்டன் வாலி, இந்த உறுப்புகள் திரும்பத் திரும்ப வருவதுதான் சைகைக் கவிதையில் எதுகை மோனை என்று விளக்கினார். அடிதோறும் அதே கைவடிவம் வந்தால் கண்ணுக்கு அது மோனை. இதையெல்லாம் மறுநாள் ஆசிரியரிடம் நானே கண்டுபிடித்ததுபோல் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டினேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு எழுதினார்: "ஸ்டோக்கி சொல்வதற்கு முன்பும் நாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தோம்."

அதன் பிறகு, ஒரே ஒரு கைவடிவத்தை எடுத்துக்கொள்வது என்று முடிவானது. ஐந்து விரலும் விரிந்த கை. அதற்கு ஏற்ற நான்கே அடிகள்:

மேகம் வந்தது
மழை விழுந்தது
வேர் குடித்தது
மரம் எழுந்தது

முதல் அடியில் விரிந்த இரண்டு கைகளும் தலைக்கு மேலே இடமிருந்து வலமாக நகர்ந்து நிற்கும். இரண்டாம் அடியில் அதே கைகள், விரல் நுனிகள் கீழ்நோக்கி, இடுப்பு வரை இறங்கி நிற்கும். மூன்றாம் அடியில் இடுப்புக்கும் கீழே விரல்கள் பரவி, மெல்ல மூடி, முட்டியாகும். நான்காம் அடியில் இடது கை மண்ணாகப் படுத்திருக்க, அதன் பின்னாலிருந்து வலது முட்டி மேலேறி, உச்சியில் ஐந்து விரலும் விரியும். தலைக்கு மேலே, இடுப்பு, அதற்கும் கீழே, மறுபடியும் மேலே என்று கண்ணுக்கு ஒரு பாதை கிடைக்கிறது. மூன்றாம் அடியில் கையை மூட வேண்டும் என்றது ஒரு சிறுமி. கவிதையில் கை மூடுவது அந்த ஓர் இடத்தில்தான். மோனை அங்கே முறிவதால்தான் அடுத்த அடியில் விரல் விரியும்போது மரம் நிஜமாகவே முளைக்கிறது. தமிழிலும் 'குடித்தது' மட்டும் மற்ற மூன்றோடு ஒட்டாமல் நிற்பதைக் காட்டி, திட்டமிட்டுச் செய்தேன் என்று சொல்லிக்கொண்டேன். யாரும் நம்பவில்லை.

மயிலை விட எனக்கு மனசில்லை. மயிலுக்கு அவர்கள் போடும் சைகையின் கைவடிவமே வேறு, நடுவில் நுழைத்தால் வரிசை குலைந்துவிடும் என்றார் ஆசிரியர். பரவாயில்லை, தோகை விரிந்த கைதானே என்று வாதாடி நானே செய்து காட்டினேன். பிள்ளைகள் கூடிப் பேசி, அது சேவல் என்று தீர்ப்புச் சொன்னார்கள். மயில் போயிற்று. இடியும் போயிற்று. இடிக்கு நான் காதைத் தொட்டுக் காட்டியபோது ஒரு பையன் என் கையைப் பிடித்து என் நெஞ்சில் வைத்தான். இடி அவனுக்கு அங்கேதான் விழுகிறது. இந்த நான்கு அடியில் நெஞ்சுக்கு இடமில்லை.

இனித் தாளம். இதிலாவது நான் கெட்டி என்று நினைத்தேன். கை நகர்வதுதான் தாளம் என்று எண்ணி, இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று பிள்ளைகளை விரட்டினேன். ஆசிரியர் அதைக் கைப்பேசியில் படம்பிடித்து, சத்தத்தை அணைத்துவிட்டு என்னிடம் கொடுத்து, இப்போது எண்ணு என்று சைகை காட்டினார். எண்ண முடியவில்லை. கைகள் கொசு விரட்டுவதுபோல் அலைந்தன. கண்ணுக்குத் தாளம் விழுவது கை நிற்கிற இடத்தில்தான். ஒரு சைகை நகர்ந்து, நின்று, பிறகு அடுத்ததற்கு மாறுகிறது. அந்த நிற்றல் தெளிவாக இல்லையென்றால் பார்ப்பவருக்கு அடி எங்கே முடிந்தது என்றே தெரியாது. ஆகவே ஒவ்வொரு அடிக்கும் நான்கு எண்ணிக்கை வகுத்தோம். ஒன்று, இரண்டில் கை நகரும். மூன்றில் அசையாமல் நிற்கும். நான்கில் அடுத்த இடத்துக்குப் போகும். மூன்றில் முழங்கால் லேசாக மடங்கும், தலை ஒருமுறை தாழும். மறுபடி படம்பிடித்து, சத்தமில்லாமல் பார்த்தபோது எண்ண வந்தது.

முழங்கால் மடங்குவது அழகுக்காக வந்ததில்லை. முதல் அடியில் பிள்ளைகளின் பார்வை மேகத்தோடு மேலே போகிறது, கடைசியில் மரத்தோடு போகிறது. அப்போது எதிரே நின்று தாளம் காட்டும் ஆளை அவர்கள் பார்க்க முடியாது. நான் முதல் ஒத்திகையில் அவர்களுக்குப் பின்னால் நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே ஓரமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் இருப்பவரின் உடல் தாழ்வதை ஓரக்கண்ணால் பிடிக்கலாம் என்பதால், நேர்வரிசையை மாற்றிப் பிறைபோல நிற்க வைத்தார் ஆசிரியர்.

அப்புறம் பேண்டு வாத்தியத்தின் பெரிய டிரம்மைக் கொண்டுவரச் சொன்னேன். அதிர்வு காலில் ஏறும் என்று எங்கோ படித்திருந்தேன். ஏறும்தான், தரை மரமாக இருந்தால். ஒத்திகை நடந்த கூடத்தில் சிமெண்டுத் தரை. நான் வியர்க்க வியர்க்க அடித்தேன். பிள்ளைகள் என் தோள் ஏறி இறங்குவதை வேடிக்கை பார்த்தார்கள். காதில் கருவி மாட்டியிருந்த சிலர் மட்டும் முகம் சுளித்து அதைக் கழற்றினார்கள். விழாவன்று மரப்பலகை மேடையின் மேலேயே டிரம்மை வைத்து, மூன்றாம் எண்ணிக்கைக்கு மட்டும் ஓர் அடி அடித்தபோது அது வேலை செய்தது. அடித்தவன் பத்தாம் வகுப்பு மாணவன். அவனுக்கும் கேளாது. என்னைவிடக் கணக்காக அடித்தான்.

மேடை அலங்காரத்திலும் கை வைத்தேன். மழை என்றால் இருட்டுதானே, விளக்கை மங்கலாக்கி, இடையிடையே அணைத்து அணைத்துப் போட்டால் மின்னல் மாதிரி இருக்கும் என்றேன். பேசுகிறவன் வாயைப் பொத்திவிட்டுப் பேசு என்பதுபோல் அது. ஆசிரியர் பதில் எழுதக்கூட இல்லை, சுவிட்சுப் பலகை மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டார். நான் வாங்கிக் கொடுத்த மஞ்சள் பூப்போட்ட சட்டைகளும் திரும்பிப் போயின. பூவுக்கு நடுவே விரல் தெரியாது. வேலைப்பாடில்லாத கருநீலம் வேண்டும் என்றார்கள்.

கடைசியாக எனக்கு ஒரு வேலை மிச்சமிருந்தது. காது கேட்கும் பெற்றோருக்காகக் கவிதையை ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டும். டோரதி மைல்ஸ் என்ற கவிஞர் எட்டு வயதில் கேட்கும் திறனை இழந்தவர். ஆங்கிலத்திலும் சைகையிலும் ஒரே நேரத்தில் ஓடும் கவிதைகளைச் செய்தவர். அவர் மாதிரி இரண்டையும் சேர்த்து ஓட்டிவிடலாம் என்று மைக்கைப் பிடித்தேன். அவருக்கு இரண்டு மொழியும் தெரியும் என்பதை மறந்துவிட்டேன். 'மேகம் வந்தது' என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். பிள்ளைகளுக்கு நான்கு எண்ணிக்கை. அவர்கள் மழையைப் பாதி இறக்குவதற்குள் நான் மரத்தை வளர்த்து முடித்திருந்தேன். பெற்றோர்கள் என்னைப் பார்த்தார்கள், கவிதை முடிந்துவிட்டதென்று கைதட்டினார்கள். இரண்டாம் முறை செய்தபோது, கை நின்ற பிறகே அந்த அடியைச் சொல்லும்படி ஒரு சிறுமி எனக்கு எதிரே நின்று விரல் காட்டினாள். அப்போதுதான் பெற்றோர்கள் முதலில் பிள்ளைகளைப் பார்த்தார்கள், பிறகு என் குரலைக் கேட்டார்கள்.

அடுத்த ஆண்டுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. கவிதையைப் பிள்ளைகளே செய்துகொள்வார்களாம். டிரம்முக்கு ஆள் இருக்கிறதாம், வாசிக்கப் பெற்றோர் ஒருவர் ஒப்புக்கொண்டாராம். எனக்குக் கொடுத்திருப்பது சுவிட்சுப் பலகைப் பொறுப்பு. யாரும் விளக்கை அணைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், முக்கியமாக நான்.