அரிசிக் கடை அண்ணாச்சியின் ஆதிமனித விரதம்

அரிசிக் கடை வைத்திருப்பவர் "இனிமே அரிசிச் சோறு தொட மாட்டேன்" என்று சொன்னால் முதலில் கலங்குவது அவர் மனைவியா, கடையில் மூட்டை தூக்கும் பையனா என்று முக்கூடலில் இரண்டு கருத்துகள் இருந்தன. கலங்காத ஒரே ஆள் மருந்துக் கடைக்காரர். ஊருக்கு அவர் கம்பவுண்டர். அரிசிக் கடைக்காரர் ஊருக்கெல்லாம் அண்ணாச்சி, கம்பவுண்டருக்கு மட்டும் 'வே'. ஒண்ணாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. இப்போது எதிரெதிர் கடை.

பள்ளு பாடிய முக்கூடல் இதுதானா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அது சீவலப்பேரிப் பக்கம். எங்கள் ஊர் சொக்கலால் பீடியால் பெயர் பெற்றது. இங்கே திண்ணைக்குத் திண்ணை மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றுகிற பெண்களுக்கு, இன்று யார் என்ன சாப்பிட்டார், எதை விட்டார் என்பது ஆயிரம் பீடி சுற்றி முடிப்பதற்குள் தெரிந்துவிடும். அண்ணாச்சியைப் பற்றித் தெரிய அவ்வளவு நேரமும் ஆகாது. போன வருஷம் அருகம்புல் சாறு, அதற்கு முந்தின வருஷம் வெந்தயத் தண்ணீர், நடுவில் நாற்பது நாள் வாழைத்தண்டு. ஒவ்வொன்றையும் கண்டுபிடித்தவர் தானே என்பதுபோல் பேசுவார். எதையும் விட்டுவிட்டதாக ஒப்புக்கொள்ள மாட்டார். "அடுத்த கட்டத்துக்குப் போயாச்சு" என்பார்.

இந்த முறை பேலியோ. சென்னையில் இருக்கும் மருமகன் போனில் காட்டியது. நியாண்டர் செல்வன் எழுதியும் இணையக் குழு நடத்தியும் பத்து வருஷங்களுக்கு முன்பு தமிழ்நாடெங்கும் பரப்பிய உணவுமுறை அது. அலை எங்கள் ஊருக்கு வந்து சேர இவ்வளவு நாள் ஆனது. அரிசி, கோதுமை, சீனி, பருப்பு, நிலக்கடலை கிடையாது. முட்டை, கறி, நெய், தேங்காய், காய்கறி உண்டு. காலையில் நூறு பாதாம்.

"நூறா?" என்றார் கம்பவுண்டர். "எண்ணியா திங்கணும்?"

"எண்ணித்தான். ஆதிமனுசன் சாப்பாடு வே. அவனுக்குச் சர்க்கரை இருந்துச்சா, பிரஷர் இருந்துச்சா?"

"அவனுக்கு முதல்ல அறுபது வயசு இருந்துச்சா? அதைச் சொல்லும். பாதாமை நெய்யில வறுத்து எவர்சில்வர் தட்டுல வச்சிக் குடுக்க அவனுக்கு ஒரு பொண்டாட்டி இருந்தாளா?"

அண்ணாச்சி அசரவில்லை. மனிதன் பயிர் செய்யத் தொடங்கியே பத்தாயிரம் வருஷம்தான் ஆகிறது, அரிசியை ஏற்கும்படி நம் உடம்பு இன்னும் பழகவில்லை என்று மருமகன் அனுப்பியதை அப்படியே ஒப்பித்தார். கம்பவுண்டர் கல்லாவை மூடிவிட்டு வெளியே வந்தார். அவருக்குத் தொல்லியலில் கிறுக்கு உண்டு.

"இந்தா பாரும். இதே தாமிரவருணி கீழ போயி, சிவகளையில முதுமக்கள் தாழிக்குள்ள நெல்லு கெடச்சுது. அமெரிக்காவுக்கு அனுப்பிப் பாத்தாவ. கி.மு. 1155ன்னு வந்துச்சு. 2021ல சட்டசபையிலேயே சொன்னாவ. செத்தவனுக்கே சோத்த வச்சி அனுப்பின ஆத்தங்கரை வே இது. கார் நெல்லும் பிசான நெல்லும் வித்துத்தான் உம்ம அப்பா இந்தக் கடைய வாங்கினாரு."

"மூவாயிரத்து இருநூறு வருசம் நேத்து மாதிரி வே. நான் சொல்லுதது அதுக்கும் முந்தி."

இந்த இடத்தில் எனக்கு அண்ணாச்சி மேல் மரியாதை வந்தது. மூவாயிரம் வருஷத்தை நேற்று என்று சொல்லும் தைரியம், நேற்று வாங்கிய கடனை மூவாயிரம் வருஷத்துக்கு முந்தியது என்று நினைக்கிறவர்களிடம்தான் இருக்கும்.

திங்கள்கிழமை ஆரம்பித்தார். ஆரம்ப எடை 91 கிலோ. இதற்காக யாரிடமும் போக வேண்டியதில்லை. மூட்டை நிறுக்கும் தராசு கடையிலேயே இருக்கிறது. வியாழக்கிழமை காலையில் அதே தராசில் 88.5. அண்ணாச்சி தெருவைக் கூப்பிட்டார். பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் சுளகோடு எழுந்து வந்தார்கள்.

"மூணே நாள். ரெண்டரைக் கிலோ கொழுப்பு!"

"கொழுப்பு உம்ம வாயில அப்படியே இருக்கே வே" என்றார் கம்பவுண்டர். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து விளக்கினார். சோறு தின்னும் உடம்பு அந்த மாவுச்சத்தில் கொஞ்சத்தைக் கைச்செலவுக்கு என்று ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கிறது. எல்லாம் சேர்த்தால் அரைக் கிலோ தேறும். ஆனால் அது தனியாக இருக்காது. ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினதும் இரண்டு மூன்று நாளில் உடம்பு அந்தக் கையிருப்பைச் செலவழித்துவிடும், தண்ணீரும் மூத்திரமாகப் போய்விடும். அரைக் கிலோவும் ஒன்றரைக் கிலோவும் இரண்டு. மிச்சத்துக்கு, உப்போடு போகும் தண்ணீரும் காலியான குடலும் இருக்கின்றன.

"ஈர நெல்லக் காயப் போட்டா மூட்டைக்கு எத்தன கிலோ கொறையுதுன்னு உமக்குத் தெரியாதா? நெல்லா கொறையுது?"

தொழில் பேச்சு வந்ததும் அண்ணாச்சி யோசித்தார். உவமை உறைத்துவிட்டது என்று நினைத்தேன். "அப்ப தலை வலிக்கே, ராத்திரி கெண்டக்கால் இழுக்கே, அது?" என்று கேட்டார். அந்த உப்பும் தண்ணீரும் போனதால்தான் என்றார் கம்பவுண்டர். "வாயி ஒரு மாதிரி நாறுதுன்னு வீட்டுல சொல்லுதா." கொழுப்பு எரியும்போது வரும் அசிட்டோன் வாசனை அது, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை. "அது மட்டும் நீரு சொன்ன கொழுப்புக் கணக்குல சேரும். எடுத்துக்கிடும்" என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கூத்து நடந்தது. அண்ணாச்சி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது, கை நடுங்கியது, பில்லில் எழுதிய எழுத்து நண்டு ஊர்ந்தது போலிருந்தது. பையன் ஓடிப்போய்க் கம்பவுண்டரைக் கூட்டி வந்தான். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 58.

"ஏ மனுசா, மாத்திரை போட்டீரா?"

"போடாம? எட்டு வருசமா போடுதேனே. காலையில கிளிமிபிரைடு."

இதைத்தான் அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். கிளிமிபிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. காலையில் ஆறு இட்லி வரும் என்ற நம்பிக்கையில் டாக்டர் எழுதிய அளவு. இட்லி நின்றுவிட்ட செய்தி மாத்திரைக்குத் தெரியாது. வந்த இன்சுலின் வேலை தேடி, இருக்கிற சர்க்கரையையும் கூட்டி அள்ளிக்கொண்டு போய்விட்டது.

கம்பவுண்டர் டம்ளரில் மூன்று கரண்டி சீனியைக் கலக்கி நீட்டினார். அண்ணாச்சி நடுங்கிக்கொண்டே முகத்தைத் திருப்பினார்.

"வேண்டாம் வே... பேலியோ கெட்டுப் போயிரும்..."

முப்பது வருஷம் மருந்துக் கடை நடத்தியவர் அன்றுதான் கெட்ட வார்த்தை பேசி ஊர் கேட்டது. குடித்தார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பக் குத்தியபோது 92. அன்று சாயங்காலமே தோளைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கி, வீட்டிலேயே காலையும் மாலையும் சர்க்கரை பார்த்துக் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். டாபாகிளிப்ளோசின் என்று இன்னொரு மாத்திரை இருக்கிறதே, அதைப் போடுகிறவர் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் சர்க்கரை சரியாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகிவிடக் கூடும், அது இதைவிட மோசம் என்றும் சொன்னாராம். இந்த முறையில் ஊறிய குழுக்காரர்களே ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டு வா என்றுதான் சொல்வார்கள். மருமகன் அனுப்பிய வீடியோ அந்த இடத்துக்கு முன்னால் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகும் அண்ணாச்சி விடவில்லை. அதுதான் இந்த வகை மனிதர்களின் அழகு. மறு வாரமே புதிய சாட்சியோடு வந்தார்: லண்டனில் வில்லியம் பாண்டிங் என்று ஒருவர், ஈமச் சடங்கு ஒப்பந்தக்காரர். மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவாராம், அவ்வளவு பருமன். 1862ல் 202 பவுண்டு, அதாவது நம் அண்ணாச்சி எடை. ரொட்டி, சீனி, உருளைக்கிழங்கை விட்டு ஒரே வருஷத்தில் 46 பவுண்டு குறைத்து, 1863ல் அதைச் சிறு புத்தகமாகவும் போட்டார். "நூத்தி அறுபது வருசமா நிரூபணம் ஆனது வே!"

"நூத்தி அறுபது வருசமா புதுசுன்னு சொல்லி விக்கிறாவ, அதைச் சொல்லும். சவப்பெட்டி யாவாரி எடை கொறஞ்சா அவருக்கு நட்டம். நீரு அரிசிய விட்டா உமக்கு நட்டம். ரெண்டு பேருக்கும் பொருத்தம்தான்."

பிறகு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். நூறு பாதாம் 120 கிராம், ஏறக்குறைய 700 கலோரி. இட்லி ஆறும் சட்னியும் சேர்ந்தாலும் அவ்வளவு வராது. அப்படியிருந்தும் எடை குறைகிறதே, எப்படி? அண்ணாச்சி நாளுக்கு ஏழு டீ குடிப்பவர், டீக்கு இரண்டு கரண்டி சீனி. அதுவே 280 கலோரி. நாலு மணிக்கு வடை, ஆறு மணிக்கு அல்வாத் துண்டு, ஒன்பது மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும். ஆதிமனிதன் பெயரைச் சொல்லி இவ்வளவையும் ஒரே நாளில் துரத்தியாகிவிட்டது. பாதாமும் முட்டையும் வயிற்றில் நெடுநேரம் நிற்பதால் இடையில் பசியும் இல்லை. "கொறைக்கது பாதாம் இல்ல வே. நீரு விட்ட டீ."

"அப்ப சோத்த விடாம டீய மட்டும் விட்டாலும்...?"

"அமெரிக்காவுல ஸ்டான்போர்டுல பாத்துட்டாவ. 609 பேரு. பாதிப் பேருக்கு மாவைக் கொறச்சாவ, பாதிப் பேருக்குக் கொழுப்பைக் கொறச்சாவ. சீனியும் மைதாவும் ரெண்டு பக்கமும் கூடாது. ஒரு வருசம் கழிச்சுப் பாத்தா இவங்க ஆறு கிலோ, அவங்க அஞ்சே கால். 2018ல வந்துச்சு. அதுலயும் ஒருத்தர் முப்பது கிலோ கொறஞ்சிருக்காரு, இன்னொருத்தர் பத்து கிலோ ஏறியிருக்காரு. எந்த வழின்னாலும் விடாமப் போறவன்தான் போய்ச் சேருதான்."

அண்ணாச்சி பதில் சொல்லாமல் போனார். நாலாம் மாதம் தராசில் 84. நடுவில் ஒரு கல்யாண வீட்டில் சொதிச் சாப்பாடு, மறுநாள் பரோட்டா என்று இரண்டு நாள் தவறியதில் ஒன்றரைக் கிலோ ஏறி, நாலு நாளில் இறங்கியது. அப்போதுதான் "ஈர நெல்லு!" என்று தானே சொல்லிச் சிரித்தார். கொலஸ்ட்ரால் பார்த்ததில் கெட்டது கொஞ்சம் ஏறியிருந்தது, நெய் பாதியானது. பாதாம் நூறு ஐம்பதானது. மத்தியானம் ஒரு கரண்டி சோறு உள்ளே வந்தது, அப்புறம் இரண்டு. டீ மட்டும் சீனியில்லாமலே நிலைத்துவிட்டது. இதற்கும் பேர் பேலியோதான் என்று அண்ணாச்சி சாதிக்கிறார்; இது எங்க ஆத்தா போட்ட சாப்பாடு வே என்கிறார் கம்பவுண்டர்.

இதற்குள் கடையில் ஒரு மாற்றம். பொன்னி மூட்டைகளுக்கு முன்னால் சின்ன மேசை போட்டு, நூறு நூறாக எண்ணிக் கட்டிய பாதாம் பொட்டலங்கள். ஊரில் வாங்கவும் ஆள் இருக்கிறார்கள். நேற்று கம்பவுண்டர் ஒரு பொட்டலம் வாங்கிப் பிரித்து, கவுண்டர் மேல் பரப்பி எண்ணினார்.

"வே, தொண்ணூத்தேழுதான் இருக்கு."

அண்ணாச்சி போனிலிருந்து தலை தூக்கவில்லை. மருமகன் புது வீடியோ அனுப்பியிருந்தான். "கம்பவுண்டரே, பதினாறு மணி நேரம் ஒண்ணுமே திங்காம இருக்கணுமாம். எட்டு மணி நேரத்துக்குள்ள எல்லாத்தையும் முடிச்சிரணும். நல்லாத்தான இருக்கு?"

"மாத்திரைய எப்பப் போடுவீரு?" என்றார் கம்பவுண்டர், மூன்று பாதாமுக்காகக் கையை நீட்டியபடியே.