பெறுநர் யார், ஐயா?

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கி ஒரு சுற்று நடந்தால் அரசாங்கத்துக்கு எத்தனை தலை என்பது தெரிந்துவிடும். தண்டவாளம் தெற்கு ரயில்வேயுடையது. நெஞ்சக நோய் மருத்துவமனை மாநில அரசுடையது. மெப்ஸ் வளாகம் டெல்லி வணிக அமைச்சகத்தின் கீழ். சற்றுத் தள்ளியிருக்கும் விமானப்படைத் தளம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ். தெருவிளக்கும் குப்பையும் மாநகராட்சி. வரி, கட்டணம், அபராதம் என்று வாங்க வேண்டியதை வாங்க இத்தனை தலைக்கும் நம் வீட்டு வாசல் துல்லியமாகத் தெரியும். நமக்கு வர வேண்டியதைக் கேட்டு நாம் போகும்போதுதான் ஒரு தலைக்கும் முகவரி இருக்காது.

சேலையூரில் ஒரு டிராவல்ஸ்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாநில அரசுத் துறை ஒன்றின் அலுவலகத்துக்கு மாத வாடகைக்குக் கார் விட்டிருக்கிறார். டெண்டர் போட்டு, வைப்புத்தொகை கட்டி, முத்திரைத்தாளில் கையெழுத்திட்டு எடுத்த வேலை. ஐந்து மாதமாக பில் பணம் வரவில்லை. கேட்டால் 'நிதி ஒதுக்கீடு வரல, சார்' என்கிறார்கள். டீசல் போடும் பங்க்கில் இந்த வசனம் செல்லுபடியாகாது. போதும் சாமி, ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு விலகலாம் என்று ஒப்பந்தத்தைப் புரட்டுகிறார்.

முதல் பக்கத்திலேயே ஆச்சரியம். அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டிருப்பவர் தமிழ்நாடு ஆளுநராம். காரில் தினமும் ஏறி இறங்கிய அலுவலர், ஆளுநருக்காகவும் ஆளுநர் சார்பிலும் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார். இது அலங்காரம் இல்லை. அரசியலமைப்பின் 299ஆவது பிரிவு அப்படித்தான் எழுதச் சொல்கிறது. அதே பிரிவின் அடுத்த வரி, ஆளுநரும் சரி, அவருக்காகக் கையெழுத்திட்டவரும் சரி, சொந்த முறையில் பொறுப்பாளிகள் அல்ல என்கிறது. பொறுப்பு 'அரசு' என்ற பெரியவருக்கு. அவர் எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

'ஆளுநருக்காக' என்ற அந்த வாசகம் ஒப்பந்தத்தில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. 1943இல், பஞ்ச காலத்தில், கிழக்கிந்திய ரயில்வேயின் தினாபூர் கோட்டக் கண்காணிப்பாளர் ரயில்வே ஊழியர்களுக்கான தானியக் கடைகளுக்காக பிக்ராஜ் ஜெய்பூரியா என்ற வியாபாரியிடம் தானியம் கேட்டு ஆர்டர் மேல் ஆர்டர் அனுப்பினார். வியாபாரி கொஞ்சம் அனுப்பினார். மீதியை ரயில்வே வேண்டாம் என்றது. நஷ்டத்தைக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். வாங்குவதற்கு அந்த அதிகாரிக்கு அதிகாரம் இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், ஆர்டர்கள் கவர்னர் ஜெனரல் பெயரில் எழுதப்படவில்லை, ஆகவே ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பானது. ஆர்டரை எழுதியவர் அரசு அதிகாரி. படிவம் தவறியதும் அவர் கையில். தண்டம் கட்டியவர் வியாபாரி. பசித்த ஊழியனுக்கு அரிசி வாங்கும்போது தெரியாத படிவம், பணம் என்றதும் எப்படித்தான் நினைவுக்கு வருகிறதோ!

ஆகவே நம் டிராவல்ஸ்காரர் கவனமாக எழுத வேண்டும். அறிவிப்பு யாருக்கு என்பதை ஒப்பந்தத்தின் நோட்டீஸ் ஷரத்து சொல்லும். பெரும்பாலும் டெண்டரை ஏற்ற அதிகாரிக்கு. பெறுநர் இடத்தில் பதவியைத்தான் எழுத வேண்டும், ஆளின் பெயரை அல்ல. பெயரெழுதினால் 'அவர் மாற்றலாகிப் போய்விட்டார்' என்று கடிதமும் அவர் பின்னாலேயே மாற்றலாகிவிடும். பொருள், பார்வை என்ற இரண்டு வரிகளில் பார்வைதான் உயிர்: ஒப்பந்த எண், தேதி. உள்ளே எந்த ஷரத்தின்படி விலகுகிறார், கார் ஓடும் கடைசி நாள் எது, பாக்கி பில்கள் எந்தெந்த மாதத்துக்கு, வைப்புத்தொகை எவ்வளவு. அவ்வளவுதான். ஐந்து மாதப் புலம்பலை அதில் கொட்டினால் முக்கியமான வரி அதில் மூழ்கிப்போகும்.

கடிதம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. டிரிப் ஷீட்டுகள் எல்லாவற்றிலும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். நோட்டீஸ் போன மறுநாள் அந்த அலுவலகத்தில் ஒரு பேனாவும் எழுதாது. பிறகு நகலோடு தபால் பிரிவுக்குப் போய் தேதி முத்திரை வாங்க வேண்டும். 'வெச்சிட்டுப் போங்க, பார்க்கிறோம்' என்ற வாக்கியத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. முத்திரை மறுத்தால் ஒப்புகையோடு அஞ்சல்.

விலகியாயிற்று. பணம் வரவில்லை. வழக்குப் போடலாம் என்றால் அதற்கும் ஒரு தனி நோட்டீஸ். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆவது பிரிவு, அரசின் மேல் வழக்குப் போடுமுன் இரண்டு மாதம் காத்திருக்கச் சொல்கிறது. இந்த நோட்டீஸ் காரில் போன அலுவலருக்குப் போனால் பயனில்லை. மாநில அரசு என்றால் துறைச் செயலாளருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ. ரயில்வே என்றால் பொது மேலாளருக்கு. மெப்ஸ், விமானப்படை என்றால் டெல்லியில் இருக்கும் செயலாளருக்கு. மாநகராட்சி இந்தப் பிரிவின் கண்ணில் 'அரசு' அல்ல, அதற்கு வேறு சட்டம்.

மாவட்ட ஆட்சியர் என்றேனே, எந்த மாவட்டம்? 2019 நவம்பர் வரை தாம்பரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. இப்போது செங்கல்பட்டு. 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். அதற்கு முன் சிட்லபாக்கம் பேரூராட்சியோடு ஒப்பந்தம் போட்டவர் இன்று இல்லாத அலுவலகத்தின் முகவரியைக் கையில் வைத்திருக்கிறார். கடன் மாநகராட்சிக்கு வந்து சேர்ந்துவிட்டது, சரி. கோப்பு வந்து சேர்ந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

80ஆவது பிரிவில் வந்த 1976 திருத்தம் கொஞ்சம் இரக்கம் காட்டியது. பெயரும் இருப்பிடமும் ஆளை அடையாளம் காணும் அளவுக்கு இருந்து, கேட்பது என்ன, ஏன் என்பது புரிந்தால், நோட்டீஸில் உள்ள பிழைக்காக வழக்கைத் தள்ளக் கூடாது. ஆனால் நோட்டீஸ் உரிய அதிகாரியின் அலுவலகத்தில் சேர்ந்திருக்க வேண்டும். எழுத்துப் பிழைக்கு மன்னிப்பு உண்டு, வாசல் பிழைக்கு இல்லை. நோட்டீஸ் கொடுத்த விவரத்தை வழக்கு மனுவிலும் ஒரு பத்தியாக எழுத வேண்டும். காத்திருந்த இரண்டு மாதம் காலவரம்பில் கழிக்கப்படும் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

இந்த இரண்டு மாதம் எதற்கு? அரசு யோசித்து, நியாயமானால் கொடுத்து, வழக்கைத் தவிர்க்கவாம். 1958லேயே சட்ட ஆணையம் இந்தப் பிரிவே வேண்டாம் என்றது. 2005இல் சேலம் வழக்கறிஞர் சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், பெரும்பாலான நோட்டீஸ்களுக்குப் பதிலே வருவதில்லை, வந்தாலும் மழுப்பல் என்று சொல்லி, பதில் எழுதுவதற்கென்றே ஒவ்வோர் அரசும் மூன்று மாதத்துக்குள் ஓர் அலுவலரை நியமிக்க உத்தரவிட்டது. கடிதத்துக்குப் பதில் எழுத ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருக்கிறது! அப்படி நியமிக்கப்பட்ட அலுவலரின் பெயர்ப்பலகையைப் பார்த்த தாம்பரத்துவாசிகள் தயவுசெய்து கையைத் தூக்குங்கள்.

நம் டிராவல்ஸ்காரரின் நோட்டீஸுக்கு இரண்டாவது மாத முடிவில் போன் வருகிறது. சீட் கிளார்க்தான். குரலில் தேன். "அண்ணே, நாளைக்குக் காலைல ஆறு மணிக்குப் பெரிய ஆபீசர் இன்ஸ்பெக்‌ஷன். ஒரு வண்டி அனுப்புங்களேன். பழைய பில்லோட சேர்த்துப் போட்டுடலாம்."