ஆறு ஜிபி குற்றம்

2023 செப்டம்பர் 22 அன்று ஐபோன் 15 உலகச் சந்தைக்கு வந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நம் பெண்கள் ஷிஃப்ட் போட்டுச் சேர்த்த பெட்டிகளும் அதே நாளில் கடைக்கு வந்தன. அதுவரை புது மாடல் சீனாவிலிருந்து முதலில் வரும், நம்மூர்ச் சரக்கு பிறகு வரும். இந்த முறை காத்திருக்க வேண்டியதில்லை என்று டெல்லி மார்தட்டியது, கோட்டை மார்தட்டியது, மண்ணூர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவரும் தன் பங்குக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டார். விலை ரூ.79,900.

2024 ஜூன் 10 அன்று கலிஃபோர்னியாவில் ஒரு மேடை போட்டு, ஆப்பிள் இன்டலிஜென்ஸ் என்று ஒன்றை அறிவித்தார்கள். போனுக்குள்ளேயே செயற்கை நுண்ணறிவு ஓடுமாம். யாருக்கெல்லாம் என்று பார்த்தால், ஐபோன் 15 ப்ரோ, ப்ரோ மேக்ஸ், அதற்கு மேல். சாதா 15-க்குக் கிடையாது. கடைக்கு வந்து ஒன்பது மாதம்கூட முழுதாக ஆகவில்லை. பிள்ளை குப்புற விழுந்து தவழ ஆரம்பிக்கும் வயதில் அதற்கு முதியோர் ஓய்வூதியம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இதில் நம்மூர்க்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 2019-இல் ஐபோன் எக்ஸ்ஆர் ஸ்ரீபெரும்புதூர்த் தடத்தில் ஓட ஆரம்பித்தது. பிறகு 11, 12, 13, 14, 15. ப்ரோ மாடல் எதையும் அதுவரை இந்தியாவில் செய்யவே இல்லை. 16 வரிசையில்தான் அந்தப் பாக்கியம் வாய்த்தது. ஆகவே அந்த மேடையில் பட்டியலை வாசித்த நிமிடத்தில், ஐந்து வருடமாக இங்கே செய்த ஐபோன் ஒவ்வொன்றும், ஒன்று விடாமல், பழசாகிப் போனது. 2021 டிசம்பரில் விடுதிச் சோறு விஷமாகிப் பெண்கள் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்களே, அந்த மாதம் அவர்கள் செய்த போன்களும் அதில் அடக்கம். சோற்றிலும் கழிவு, செய்த பொருளும் கழிவு.

ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் கேட்ட பேச்சு இது. பையன் ஒருவன், தவணை இன்னும் முடியாத போனை நீட்டினான்.

“அண்ணா, அப்டேட் போட்டுட்டேன். அந்த ஏஐ மட்டும் வரலையே?”

“எந்த மாடல் தம்பி?”

“பதினஞ்சு.”

“ப்ரோவா?”

“இல்லண்ணா, சாதா.”

“அப்ப வராது. ராம் கம்மி.”

“காசு குடுத்தா ராம் ஏத்தித் தர மாட்டீங்களா?”

கடைக்காரர் சிரிக்கவில்லை. பொறுமையாகவே சொன்னார். படம், பாட்டு சேமிக்கும் சிப்பைக் கழற்றிப் பெரிசாக மாற்றித் தர ரிச்சி தெருவில் கைகாரர்கள் உண்டு. ராம் அப்படியல்ல. அது ப்ராசஸரின் முதுகிலேயே ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. போன் பிறக்கும்போது கொடுத்ததுதான், சாகும்வரை அவ்வளவுதான்.

சரி, அந்த ராம் எவ்வளவு? எக்ஸ்ஆரில் 3 ஜிபி. 11, 12, 13-இல் 4 ஜிபி. 14-லும் 15-லும் 6 ஜிபி. 15 ப்ரோவில் 8 ஜிபி. இந்த எண்களைப் போனின் விவரப் பட்டியலில் தேடாதீர்கள், இருக்காது. கேமராவுக்கு எத்தனை மெகாபிக்சல், உடம்பு என்ன உலோகம், எத்தனை அடி தண்ணீரில் தாங்கும் என்றெல்லாம் எழுதுகிற நிறுவனம், ராம் அளவை மட்டும் எழுதுவதில்லை. பிரித்துப் பார்த்தவர்கள் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

8 ஜிபி எதற்கு என்பதற்கு உண்மையான கணக்கு இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. போனுக்குள் ஓடும் அந்த மொழி மாதிரி ஏறத்தாழ 300 கோடி எண்களால் ஆனது. ஒவ்வோர் எண்ணையும் வழக்கம்போல 16 பிட்டில் வைத்தால் 6 ஜிபி ஆகிவிடும். 15-இல் இருக்கும் மொத்த ராமும் அதற்கே போய்விடும், போன் அடிக்கக்கூட இடம் இருக்காது. ஆகவே எண்களை நசுக்குகிறார்கள். சராசரியாக ஓர் எண்ணுக்கு 3.7 பிட் என்ற அளவுக்கு நசுக்கியதாக ஆப்பிளே 2024-இல் எழுதியது. பெருக்கிப் பாருங்கள், சுமார் 1.4 ஜிபி வரும். உரையாடல் நீள நீள அதை நினைவில் வைக்கத் தனி இடம், ஒவ்வொரு வேலைக்கும் மேலே மாட்டுகிற சின்னச் சின்னத் துணைக்கோப்புகள் என்று இன்னும் கொஞ்சம் ஏறும்.

ராம் என்பது கம்பெனி பஸ் மாதிரி. மற்ற ஆப்கள் எல்லாம் இறங்கி ஏறுகிற ஆட்கள். இடம் போதவில்லை என்றால் பின்னால் தூங்குகிறவரை ஐஓஎஸ் எழுப்பி வழியிலேயே இறக்கிவிடும். நீங்கள் பாதியில் விட்ட வங்கி ஆப் திரும்பப் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்கிறதே, அது இப்படி இறக்கிவிடப்பட்டதுதான். மொழி மாதிரியோ ஒன்றரை ஜிபி சீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். கூப்பிட்டவுடன் பதில் சொல்ல வேண்டும் என்றால் அதை இறக்கவும் முடியாது. 6 ஜிபி பஸ்ஸில் இந்த ஆள் ஏறினால், கேமரா திறக்கும்போது வாட்ஸப் செத்துவிடும்.

இடம் மட்டும் போதாது, வேகமும் வேண்டும். மாதிரி ஒவ்வொரு சொல்துண்டை எழுதும்போதும் அந்த 1.4 ஜிபி முழுவதையும் ஒரு தடவை ராமிலிருந்து வாசித்தாக வேண்டும். 15 ப்ரோவில் வினாடிக்கு 30 சொல்துண்டுகள் வருவதாகச் சொன்னார்கள். அப்படியானால் வினாடிக்கு 42 ஜிபி வாசிக்க வேண்டும். அந்தப் போனின் ராம் தரக்கூடியது 51 சொச்சம், ஆக மூச்சுத் திணறத்தான் ஓடுகிறது. 12, 13 மாடல்களில் இருக்கும் முந்தைய தலைமுறை ராம் 34 சொச்சம்தான் தரும். அதிலும் ஓடும், கொஞ்சம் மெதுவாக. ஆனால் 4 ஜிபியில் படுக்க இடமில்லை.

இதே கணக்கை வைத்து இன்னொரு திருட்டையும் பிடிக்கலாம். மலிவு ஆண்ட்ராய்டு போன் பெட்டியில் ‘8+8, மொத்தம் 16 ஜிபி ராம்’ என்று நட்சத்திரக் குறியோடு போட்டிருப்பார்கள். அந்த இரண்டாவது எட்டு ராமே அல்ல, சேமிப்பு இடத்திலிருந்து கடன் வாங்கியது. அந்தச் சேமிப்பு வினாடிக்கு ஒரு ஜிபி தந்தாலே பெரிய காரியம். அதிலிருந்து மாதிரியை ஓட்டினால் ஒரு சொல்துண்டுக்கு ஒன்றரை வினாடி. ‘வணக்கம்’ முழுதாக வருவதற்குள் டீ ஆறிவிடும்.

கணக்கு சரி என்றால் கோபம் எதற்கு?

சிப் பழசு என்று சொன்னார்களே, அதற்கு. பழைய சிப்பில் இந்த வேலை உருப்படியாக ஓடாது என்று ஆப்பிளின் பெரிய தலைகளே மேடையில் விளக்கினார்கள். அதே பட்டியலில் 2020-இல் வந்த எம்1 கணினி இருக்கிறது. அதன் நியூரல் இன்ஜின் வினாடிக்கு 11 லட்சம் கோடி கணக்குப் போடும். ஐபோன் 15-இல் உள்ள ஏ16 சிப் 17 லட்சம் கோடி போடும். குறைவாகப் போடுகிற, வயதில் மூத்த அண்ணன் உள்ளே. அதிகமாகப் போடுகிற தம்பி வெளியே. அண்ணனிடம் இருந்தது 8 ஜிபி, அவ்வளவுதான் வித்தியாசம். ஆகக் குற்றவாளி சிப் இல்லை, சிப்பின் முதுகில் வைக்காமல் விட்ட 2 ஜிபி.

அந்த 2 ஜிபியை 2023-இல் ஏன் வைக்கவில்லை? அப்போது ராம் சந்தை விழுந்து கிடந்தது. சாம்சங்கும் மைக்ரானும் மெமரியில் நஷ்டக் கணக்கு எழுதிய வருடம் அது. முப்பதாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டில் 8 ஜிபி கிடைத்தது. எண்பதாயிரம் வாங்கியவர்களுக்குத்தான் 6. அறிவிப்புக்குப் பிறகாவது நிறுத்தினார்களா? ஐபோன் 15-ஐ 2025 செப்டம்பர் வரை பத்தாயிரம் குறைத்து ரூ.69,900-க்கு விற்றுக்கொண்டே இருந்தார்கள். இந்த வேலைக்கு ஆகாது என்று தாங்களே தீர்ப்பெழுதிய சரக்கை, தள்ளுபடி விலையில்.

வன்பொருள் வரம்பு என்பது எவ்வளவு உறுதியான சுவர் என்று கூகுள் நமக்குக் காட்டியிருக்கிறது. 2024 மார்ச்சில், பிக்சல் 8-இல் ஜெமினி நானோ ஓடாது, வன்பொருள் போதாது என்றார்கள். பிக்சல் 8 ப்ரோவிலும் அதே சிப்தான். ராம் மட்டும் 8-க்குப் பதில் 12. வாங்கியவர்கள் சத்தம் போட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் சுவர் கரைந்தது, ஜூனில் ஒரு மறைவான அமைப்பாகக் கொடுத்தார்கள். 8 ஜிபியில் அது நெருக்கடிதான். ஆனால் முடியாது என்பதும், உனக்கு அவ்வளவு வசதி செய்ய மனமில்லை என்பதும் வேறு வேறு.

கிடைக்காதவர்கள் அப்படி எதைத்தான் இழந்தார்கள் என்றும் சொல்லிவிட வேண்டும், வயிறு எரிய வேண்டாம். அறிவிப்புகளைச் சுருக்கித் தருகிற வசதி ஒன்று. 2024 டிசம்பரில் அது, அமெரிக்காவில் கொலை வழக்கில் கைதாகி உயிரோடு இருந்த ஒருவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டதாக பிபிசி பெயரில் சுருக்கித் தந்தது. பிபிசி புகார் செய்ய, ஜனவரியில் செய்திகளுக்கு அதை நிறுத்திவைத்தார்கள். உங்களைப் பற்றி எல்லாம் அறிந்த புதிய சிரி ஒன்று. அதைக் காட்டியே ஐபோன் 16-ஐ விளம்பரம் செய்தார்கள். 2025 மார்ச்சில் சிரி தள்ளிப்போகிறது என்றார்கள், விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள். போனை எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு மொழி. இந்திய ஆங்கிலம் 2025 மார்ச் கடைசியில் வந்தது. ஜப்பானியம், கொரியம், வியட்நாமியம் வந்தன. அதே வருடம் டேனிஷ், நார்வேஜியன், ஸ்வீடிஷ், துருக்கியும் வந்தன. அந்த வருடப் பட்டியலில் தமிழ் இல்லை. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கென்று கட்டிய விடுதியிலிருந்து பஸ் ஏறிப் போய் ஐபோனைச் சேர்க்கிற கைகளுக்கு, புது மாடல் ஓஸ்லோவின் பேச்சைச் சுருக்கித் தரும், அவர்கள் அம்மா அனுப்பிய வாட்ஸப்பைச் சுருக்கத் தெரியாது. 16-ஐ இங்கே செய்தும் இதுதான் கதை. 8 ஜிபியும் இருக்கிறது, சிப்பும் புதுசு, தமிழுக்குத்தான் சீட்டு இல்லை.

இனி ராம் இன்னும் விலை ஏறும். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை மூட்டை மூட்டையாக வாரிக்கொண்டு போகின்றன. 2025 கடைசியில் விலை எகிறியது. மலிவு போன்களில் இருக்கிற ராமையும் குறைக்கப் பார்ப்பார்கள். ஏஐக்கு அதிக ராம் வேண்டும் என்பார்கள், ஏஐயால் ராம் இல்லை என்றும் அவர்களே சொல்வார்கள்.

நம் நாட்டில் விற்கும் பிஸ்கட் பொட்டலத்தில் எடை, விலை, செய்த மாதம் அச்சடிக்கச் சட்டம் இருக்கிறது. எண்பதாயிரம் ரூபாய்ப் பெட்டியில் ராம் அளவை அச்சடிக்கச் சட்டம் போடுங்கள் என்று கேட்க ஒரு எம்.பி.யும் வேண்டாம், ஒரு நுகர்வோர் சங்கம் போதும். அதுவரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் டெமோ போனை எடுத்து அமைப்புகளைத் திறங்கள். `Apple Intelligence & Siri` என்று இருந்தால் 8 ஜிபியோ அதற்கு மேலோ. வெறும் `Siri` என்று இருந்தால் அது ஏற்கெனவே பழைய போன். ஆண்ட்ராய்டு என்றால் கூட்டல் குறிக்கு முன்னால் உள்ள எண்ணை மட்டும் படியுங்கள், தவணைப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது அதற்குப் பிறகு.